ஒரே ஹால்ல எல்லாரும் தூங்குற வீட்டுல சத்தம் போடாம கேம் ஆடுறது எப்படி

புதுசா ஒரு பிசியோ செகண்ட் ஹேண்ட் லேப்டாப்போ வாங்கி கேம் ஆட ஆரம்பிச்சிருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன். அதுலயும் தனி ரூம் இல்லாதவங்களுக்கு. கதவ சாத்திக்கிற வசதி இருந்தா இதுல பாதி உங்களுக்கு வேணாம்.

எங்க வீடு சென்னை கொளத்தூர்ல, ஒரு பெட்ரூம் வாடகை வீடு, மொத்தமே 420 சதுர அடி. பெட்ரூம்ல அப்பா அம்மா, ஹால்ல நானும் பாட்டியும் தங்கச்சியும். என் டேபிள் ஹால் மூலைல இருக்கு, பாட்டி கட்டில் அங்கருந்து ஆறடி தான். அப்பா பஸ் டிரைவர், காலை டியூட்டி வாரத்துல மூணரை மணிக்கு எழுந்தாகணும்.

நான் முதல்ல என்ன நெனச்சேன்னா, ஹெட்செட் வாங்கிட்டா முடிஞ்சுது, சத்தம் என் காதோட நின்னுடும்னு. ஒரு நாள் ராத்திரி பதினொண்ணே முக்கால் இருக்கும், டீம்ல ஒருத்தனுக்கு பின்னாடி ஆள் வர்றத பாத்து "பின்னாடி பின்னாடி பின்னாடி"ன்னு கத்திட்டேன், எனக்கு அது கத்துன மாதிரியே தெரியல. அப்பா லைட்ட போட்டுட்டு வெளிய வந்துட்டார், வீட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்கன்னு நெனச்சிருக்கார். திட்டல. கடிகாரத்த பாத்தார், "நாலு மணி நேரம் கூட இல்லடா"ன்னு சொல்லிட்டு லைட்ட அணைச்சிட்டு போயிட்டார். காலைல அறுபது எழுபது பேர ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டப்போற மனுஷன். அன்னைக்கு நைட் எனக்கு தூக்கம் வரல. அதுக்கப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணினது தான் கீழ இருக்கறது எல்லாம்.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி தலையணைல ரெக்கார்ட் பண்ணுங்க

இது பைசா செலவில்லாத வேலை, இத பண்ணாம கடைக்கு போகாதீங்க. வீட்டுல யாரும் தூங்காத நேரமா பாத்து, உங்க பாட்டியோ அம்மாவோ தலை வச்சு படுக்குற தலையணை மேல உங்க போன வைங்க, வாய்ஸ் ரெக்கார்டர ஆன் பண்ணுங்க, ராத்திரி எந்த ஸ்பீட்ல ஃபேன் ஓடுமோ அதே ஸ்பீட்ல ஓட விடுங்க, டிவிய ஆஃப் பண்ணுங்க. அப்புறம் போய் உங்க எடத்துல உக்காந்து வழக்கமா ஆடுற மாதிரி ஒரு முழு மேட்ச் ஆடுங்க. ரெக்கார்ட் ஆகுதுன்னு அடக்கி வாசிக்காதீங்க, அப்படி பண்ணா டெஸ்ட் வீண். முடிச்சிட்டு அந்த ரெக்கார்டிங்க அதே ஹெட்போன்ல கேளுங்க.

எனக்கு கேட்டது என்னன்னு சொல்றேன். கேம் சத்தம் கொஞ்சம் கூட இல்ல. ஸ்பேஸ் பார் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ பலகைய தட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு கேக்குது. ரெண்டு எடத்துல பிளாஸ்டிக் சேர் டைல்ஸ் மேல இழுபடுற சத்தம். மீதி எல்லாமே என் குரல். சாதாரணமா பேசறேன்னு நான் நெனச்சதெல்லாம் எதிர் வீட்டு மாடில இருக்கறவங்கள கூப்பிடற மாதிரி கேக்குது. அதாவது நான் காசு குடுத்து அடைச்சது ஒரு சத்தத்த தான், பாட்டிய எழுப்புன மத்த மூணு சத்தமும் அப்படியே இருந்துச்சு.

இதுல குரல் தான் பெரிய விஷயம். அது ஏன் ஏறுதுன்னு புரிஞ்சுட்டா மத்த எல்லாம் அதுல இருந்தே பிடிபடும். காதுல சத்தம் ஜாஸ்தியானா மனுஷன் தன்னை அறியாமலே குரல ஏத்திடுவான். கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் தவில் பக்கத்துல நின்னு பேசறவங்கள பாருங்க, அதே தான். எத்தியேன் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911-லயே இத எழுதி வச்சிருக்கார், இன்னைக்கும் அவர் பேர்ல லொம்பார்ட் எஃபெக்ட்னு தான் சொல்றாங்க. நம்ம விஷயத்துல நாதஸ்வரம் ஹெட்போனுக்குள்ள வாசிக்குது, கேக்கறது நமக்கு மட்டும், ஆனா கத்துறது ஹால் முழுக்க கேக்குது. அதனால காதுக்குள்ள வால்யூம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு கம்மியா வாயும் இருக்கும். ஹெட்போன் தேர்ந்தெடுக்கறது, ஃபேன், வால்யூம், மைக், எல்லாத்தையும் இந்த ஒரு கணக்குல வச்சு தான் பாக்கணும்.

ஹெட்போன்

ஹெட்போன்ல வெளிப்பக்கம் வலை மாதிரி ஓட்டையோட ஒரு வகை வருது, ஓப்பன் பேக்னு சொல்வாங்க. சத்தம் விரிஞ்சு அழகா கேக்கும், காதுக்கு காத்தும் வரும், நெறைய பேர் கேமுக்கு இத தான் வாங்க சொல்வாங்க. தனி ரூம் இருக்கறவங்களுக்கு அது சரி. நமக்கு வேணாம். அதுல ஓடுற சத்தம் பாதி வெளிய வரும், ஃபேன் சத்தமும் தடையில்லாம உள்ள வரும், உள்ள வர்றத மீறி கேக்கணும்னு வால்யூம ஏத்துவீங்க, அப்புறம் குரல் ஏறும்.

நமக்கு ரெண்டு தான் சரிப்படும். ஒண்ணு காத முழுசா மூடுற குளோஸ்ட் பேக் ஹெட்செட். இன்னொண்ணு காதுக்குள்ள சிலிகான் டிப்போட போறது, ஐஇஎம்னு கடைல கேட்டா குடுப்பாங்க. நான் ரெண்டாவதுக்கு மாறிட்டேன், காரணம் வெயில். ஏசி இல்லாத ஹால்ல ஏப்ரல் மே மாசம் அந்த ரெக்ஸின் குஷன் காதுல ஒட்டி வேர்த்து ஊத்தும், அரை மணி நேரத்துல கழட்டி ஒரு காத வெளிய விட ஆரம்பிப்பீங்க, அப்ப அந்த இடுக்கு வழியா சத்தம் கசியும். ஐஇஎம்-ல அந்த தொல்லை இல்ல, வெளிய கசியறதும் ரொம்ப கம்மி, ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்துக்குள்ள மைக்கோட நல்லதாவே கெடைக்கும். காதுக்குள்ள எதுவும் வச்சா வலிக்கும்னு சொல்றவங்க ஹெட்செட்டே வாங்குங்க, ஆனா ரெக்ஸின் குஷனுக்கு பதிலா துணி குஷன் மாத்தற மாதிரி மாடலா பாருங்க. துணி கொஞ்சம் சத்தத்த விடும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

ஐஇஎம் வாங்கினா கூடவே மூணு சைஸ் டிப் வரும், எல்லாரும் மாட்டி இருக்கறதயே போட்டுட்டு மத்தத டப்பாவோட தூக்கி போட்டுடறாங்க. அப்படி பண்ணாதீங்க. டிப் லூசா இருந்தா பேஸ் போயிடும், ஃபேன் சத்தம் உள்ள வரும். சரியா உக்காந்திருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, மாட்டிக்கிட்டு வாய மூடி "ம்ம்ம்"னு சொல்லுங்க, உங்க குரல் மண்டைக்குள்ள கும்முனு கேட்டா நல்லா அடைச்சிருக்கு. ஒரு காதுல கும்முனும் இன்னொரு காதுல சாதாரணமாவும் கேட்டா அந்த பக்கம் வேற சைஸ் போடுங்க, ரெண்டு காதுக்கு ரெண்டு சைஸ் வேணும்ங்கறது சகஜம் தான்.

புளூடூத் இயர்பட்ஸ் ஏற்கனவே இருக்கே, அதுலயே ஆடலாமான்னு கேப்பீங்க. ரெண்டு பிரச்சனை. சத்தம் லேட்டா வரும், சுட்ட பிறகு தான் டப்புனு கேக்கும், கதை கேமுக்கு பரவால்ல, ஷூட்டிங் கேமுக்கு உதவாது. ரெண்டாவது, பிசில மைக் ஆன் ஆன உடனே பல பட்ஸ் போன் கால் மோடுக்கு மாறிடும், சத்தம் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும், காலடி சத்தம் எங்க இருந்து வருதுன்னே தெரியாது, உடனே கை வால்யூமுக்கு போகும். வயர் இல்லாம தான் வேணும்னா யுஎஸ்பி டாங்கிளோட வர்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட் வாங்குங்க, அதுல இந்த ரெண்டு தொல்லையும் இல்ல, வெல தான் கூட.

நாய்ஸ் கேன்சலிங் பத்தி ஒரு வார்த்தை. அது ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற சத்தத்த நல்லா குறைக்கும், பேச்சு சத்தத்த அந்தளவுக்கு குறைக்காது. உங்க சத்தம் வெளிய போறத அது தடுக்கவே தடுக்காது. ஃபேன் ஃபுல்லா ஓடுற வீட்டுல வால்யூம இறக்க உதவும், அவ்வளவு தான் அதோட வேலை.

வயர் ஹெட்செட் வாங்கி டெஸ்க்டாப்ல சொருகுனா மைக் வேலை செய்யலன்னு நெறைய பேர் திருப்பி குடுக்க போறாங்க. அதுல தப்பு எதுவும் இருக்காது. லேப்டாப்ல போன்ல ஒரே ஓட்டைல ஹெட்போனும் மைக்கும் சேர்ந்து வரும், பழைய டெஸ்க்டாப்ல பச்சை ஒண்ணு பிங்க் ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும், அதுக்கு ஒய் மாதிரி பிரியற ஸ்ப்ளிட்டர் கேபிள் வேணும். ரிச்சி தெருவுல எந்த கடைலயும் இருக்கும், ஆனா ஒரு ஹெட்போன் சத்தத்த ரெண்டு பேர் கேக்கற ஸ்ப்ளிட்டரும் பாக்க அதே மாதிரி தான் இருக்கும், அத வாங்கிட்டு வந்துடாதீங்க. முனைல ஹெட்போன் படமும் மைக் படமும் தனித்தனியா போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

வாய்

மைக்க வாயோட ஓரத்துல ரெண்டு விரல் தூரத்துக்கு கொண்டு வாங்க, நேரா வாய் முன்னாடி வேணாம், மூச்சு அடிக்கும். அப்புறம் கேம்லயோ டிஸ்கார்ட்லயோ மைக் அளவ ஏத்திட்டு, நீங்க மெதுவா பேசி டீம்ல ஒருத்தன்கிட்ட கேக்குதான்னு கேளுங்க. நெறைய பேர் கத்தறதுக்கு காரணமே "டேய் உன் வாய்ஸ் கேக்கலடா"ன்னு எவனாவது சொல்றது தான். மைக்க சரி பண்ணா அந்த காரணமே போயிடும். ஐஇஎம் வயர்ல தொங்குற மைக்னா நெஞ்சுல உரசும், ஒரு சின்ன கிளிப் போட்டு காலர்ல மாட்டுங்க.

குசுகுசுன்னு பேசலாம்னு தோணும். நானும் ஒரு வாரம் பண்ணி பாத்தேன், பாட்டி "ஏன்டா பாம்பு மாதிரி சீறிக்கிட்டு இருக்க"ன்னு கேட்டாங்க. நிசப்தமான வீட்டுல அந்த ஸ்ஸ் சத்தம் தனியா தெரியுது. அதுக்கு பதிலா நெஞ்சுல இருந்து வர்ற தாழ்ந்த குரல்ல, பக்கத்துல உக்காந்திருக்கறவன்கிட்ட சொல்ற மாதிரி, சின்ன சின்ன வார்த்தையா பேசுங்க.

அப்புறம் உங்க குரல நீங்களே கேக்கணும். அது தான் கத்தறதுக்கு பெரிய கடிவாளம். ஹெட்செட் மென்பொருள்ல Sidetone இல்லன்னா Mic monitoring-னு ஒரு செட்டிங் இருந்தா ஆன் பண்ணுங்க, நீங்க பேசறது உங்க காதுக்கே வரும், குரல் ஏறுனா காதுல அடிக்கும், தானா இறங்கிடுவீங்க. விண்டோஸ்லயும் ஒண்ணு இருக்கு, Win + R அமுக்கி இத டைப் பண்ணுங்க:

```
mmsys.cpl
```

வர்ற பெட்டில Recording, அதுல உங்க மைக், Properties, Listen, அங்க Listen to this device-னு இருக்கறத டிக் பண்ணா குரல் திரும்ப வரும். ஆனா கொஞ்சம் லேட்டா வரும், எதிரொலி மாதிரி, சில பேருக்கு பேச்சே தடுமாறிடும். உங்களுக்கு அப்படி ஆச்சுன்னா ஆஃப் பண்ணிடுங்க, ஹெட்செட்லயே வர்றது தான் நல்லா இருக்கும்.

ஒரு பட்டன அமுக்கிப் பிடிச்சா மட்டும் மைக் ஆன் ஆகற புஷ் டு டாக் செட்டிங்க கண்டிப்பா வைங்க. பட்டன அமுக்காம கத்துனாலும் வீட்டுக்கு கேக்க தான் செய்யும், அது உண்மை. ஆனா பேசறதுக்கு முன்னாடி ஒரு விரல் அசையணும்ங்கறதே பாதி கத்தல நிறுத்திடும். அத விட எனக்கு முக்கியமா படற காரணம் வேற. ஓப்பன் மைக் வச்சிருந்தா அம்மா வீட்டு ஓனர பத்தி பேசறது, பாட்டி மாத்திரை கேக்கறது, அப்பா அம்மா சண்டை போடறது எல்லாம் முகம் தெரியாத நாலு பேருக்கு போகும். சின்ன வீட்டுல அவங்களுக்கு ஒதுங்கி பேச வேற எடம் கெடையாது, நம்ம மைக்கால அவங்க பேச்சு வெளிய போகக்கூடாது.

ராத்திரி பத்துக்கு மேல நான் மைக்கே போடறதில்ல. மேப்ல பிங் பண்றது, டெக்ஸ்ட்ல ரெண்டு வார்த்தை, அதுவே போதும். கத்தாம இருக்க முடியலன்னு தெரிஞ்சா அந்த மாதிரி கேம அந்த நேரத்துல தொறக்காதீங்க.

கை, டேபிள், சேர்

மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கறதா இருந்தா புளூ ஸ்விட்ச் வேணவே வேணாம், அது கிளிக் சத்தம் வரணும்னே செஞ்சது. ரெட் ஸ்விட்ச்ல அந்த கிளிக் இல்ல, ஆனா கீ அடில போய் மோதுற சத்தம் இருக்கும். சைலண்ட் ரெட்னு ஒண்ணு வருது, அதுல மோதுற எடத்துல ரப்பர் இருக்கும், காசு இருந்தா அது. இல்லன்னா சாதாரண மெம்பரேன் கீபோர்டே அமைதியா தான் இருக்கும், அதுல ஆடி யாரும் கெட்டுப் போகல.

ஆனா தலையணை வரைக்கும் போறது பெரும்பாலும் கீ சத்தம் கூட இல்ல, டேபிள் சத்தம். கீபோர்ட் தட்டறது பலகைக்கு போகும், பலகை செவுத்த தொட்டுக்கிட்டு இருந்தா செவுத்துக்கு போகும், செவுத்துக்கு அந்த பக்கம் பெட்ரூம். டேபிள செவுத்துல இருந்து ரெண்டு விரல் தள்ளி போடுங்க. கீபோர்டுக்கு அடில பழைய துண்ட நாலா மடிச்சு போடுங்க, இல்ல பெரிய மவுஸ்பேட் ஒண்ணு. எனக்கு ஸ்பேஸ் பார் டொக்கு சத்தம் அந்த துண்டுலயே முக்காவாசி போயிடுச்சு. சேர் காலுக்கு சைக்கிள் டியூப வெட்டி சொருகுங்க, இல்ல கடைல ரப்பர் புஷ் கேளுங்க. கன்ட்ரோலர்ல ஆடறவங்க வைப்ரேஷன ஆஃப் பண்ணுங்க, மடில இருக்கும்போது தெரியாது, டேபிள்ல வச்ச உடனே டர்ர்னு அடிக்கும். போன்ல ஆடறவங்களுக்கும் இதே தான், போன டேபிள்ல சாச்சு வச்சு ஆடாதீங்க.

வால்யூம் எங்க வைக்கறது

நெறைய பேர் மேல இருந்து கீழ இறக்குவாங்க. எப்பவும் பூஜ்யத்துல இருந்து மேல ஏத்துங்க. காது சத்தத்துக்கு சீக்கிரம் பழகிடும், சத்தமா கேட்டுட்டு இறக்குனா எல்லாமே கம்மியா தான் தெரியும்.

முதல்ல கேம்ல மியூசிக்க பூஜ்யம் ஆக்குங்க, இல்லன்னா பத்துல ஒண்ணு. அப்புறம் ராத்திரி ஃபேன் ஓடுற நெலமைல, பிராக்டிஸ் மேப்ல, சிஸ்டம் வால்யூம பூஜ்யத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி காலடி சத்தம் தெளிவா கேக்கற எடத்துல நிறுத்துங்க. அந்த நம்பர ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டுங்க. எனக்கு அது 22. உங்க நம்பர் வேற வரும், ஒவ்வொரு ஹெட்போனும் ஒரே வால்யூம்ல வேற வேற அளவு சத்தம் குடுக்கும், அதனால அறுபது சதவீதத்துக்கு மேல போகாதன்னு சொல்றதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. மேட்ச் நடுவுல அந்த நம்பர தாண்டி ஏத்தணும்னு தோணுச்சுன்னா முதல்ல டிப் கழண்டிருக்கான்னு பாருங்க, ஃபேன யாராவது அஞ்சுல வச்சாங்களான்னு பாருங்க. ஸ்டாண்ட் ஃபேன் காத்து நேரா காதுல அடிச்சா கூட இப்படி ஆகும், ஃபேன முதுகு பக்கம் திருப்புனா போதும்.

காலடி சத்தத்துக்கு ஏத்தி வச்சா துப்பாக்கி சத்தம் காத கிழிக்குதுன்னா, கேமோட ஆடியோ செட்டிங்ல Dynamic Range இல்ல Night Mode-னு இருக்கான்னு பாருங்க. அது சின்ன சத்தத்த ஏத்தி பெரிய சத்தத்த இறக்கி ரெண்டையும் பக்கத்துல கொண்டு வரும். கேம்ல இல்லன்னா அதே mmsys.cpl பெட்டில Playback, உங்க ஹெட்போன், Properties, Enhancements-ல Loudness Equalization சில பிசில இருக்கும். ஒரு எச்சரிக்கை, இது போட்டா ஆள் கிட்ட இருக்கானா தூரத்துல இருக்கானான்னு கண்டுபிடிக்கறது கொஞ்சம் கஷ்டமாகும், அதோட வால்யூம குறைக்காம இத மட்டும் போட்டா மொத்தமா சத்தம் ஏறின மாதிரி ஆயிடும். போட்ட பிறகு திரும்ப பூஜ்யத்துல இருந்து நம்பர் எடுங்க.

காதுக்கான கணக்கு ஒண்ணு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது, பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும், சின்ன பசங்களுக்கு 75 டெசிபல்ல அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 83-ல 20 மணி நேரம், 86-ல 10 மணி நேரம். தினம் ரெண்டு மணி நேரம் ஆடறவனுக்கு வாரத்துக்கு 14 ஆச்சு, அப்ப 86-ல ஆடுனா வெள்ளிக்கிழமையே கணக்கு முடிஞ்சுடும். பிசில ஆடும்போது காதுக்குள்ள எவ்வளவு டெசிபல்னு வீட்டுல சரியா அளக்கறது கஷ்டம், அதனால அறிகுறிய பாக்கணும். ஹெட்போன கழட்டுன பிறகு காதுல ஙொய்ங்குன்னு கேட்டாலோ, அம்மா பேசறது கொஞ்ச நேரம் பஞ்சு வச்ச மாதிரி கேட்டாலோ, அந்த நம்பர் உங்களுக்கு அதிகம், ரெண்டு மூணு இறக்குங்க. ஒரு நாள் ரெண்டு நாள் ஆகியும் போகலன்னா காது டாக்டர போய் பாருங்க. போன்ல ஆடற தம்பிங்களுக்கு ஐபோன்னா Headphone Safety, சாம்சங்னா Media volume limit, இதுல அளவ பூட்டி வச்சிடலாம்.

நேரம்

சத்தம் குறைச்சா மட்டும் வீட்டுல எல்லாருக்கும் திருப்தி வந்துடாது. நாள் முழுக்க முதுக காட்டிக்கிட்டு, கூப்பிட்டா திரும்பாம இருந்தா அமைதியா ஆடுனாலும் கோவம் வரும், அது நியாயம் தான்.

எங்க வீட்டுல பிரிச்சிருக்கறத சொல்றேன். சாயங்காலம் ஏழரைல இருந்து ஒன்பதரை வரைக்கும் அம்மாவும் பாட்டியும் சீரியல் பாப்பாங்க, டிவி ஓடும், யாரும் தூங்க மாட்டாங்க. வாய் தேவைப்படற டீம் கேம் எல்லாம் அந்த ரெண்டு மணி நேரத்துல தான். ஒன்பதரைக்கு சாப்பாடு, எல்லாரோடயும் உக்காந்து. பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் மைக் இல்லாத, தனியா ஆடற, பாஸ் பண்ணக்கூடிய கேம். அப்பாவுக்கு காலை டியூட்டி வாரம்னா இந்த பத்து மணி ஆட்டமே கெடையாது, அவர் ஒன்பதுக்கெல்லாம் படுத்துடுவார், டீம் கேமும் எட்டே முக்காலோட முடிஞ்சுடும். மதியம் டியூட்டி வாரம்னா அவர் வர்றதே ராத்திரி பதினொண்ணு பன்னெண்டு ஆகும், அப்ப அவர் காலைல தூங்குவார், ஞாயித்துக்கிழமை காலை ஆட்டம் கட். அவர் டியூட்டி லிஸ்ட் வர்ற அன்னைக்கே நான் போட்டோ எடுத்து வச்சுக்கறேன், என் டைம்டேபிள் அதுல இருந்து தான் வருது.

முடிக்கிற நேரத்த விட முக்கியம் கடைசி மேட்ச ஆரம்பிக்கிற நேரம். வீட்டுல சண்டை வர்றது முக்காவாசி இங்க தான். ஆன்லைன் மேட்ச நடுவுல நிறுத்த முடியாது, விட்டுட்டு போனா பெனால்டி, கூட ஆடற நாலு பேருக்கும் நஷ்டம், இது அம்மாவுக்கு எப்படி தெரியும், அவங்களுக்கு அது டிவி மாதிரி ஒரு பட்டன். வாலரண்ட்ங்கற ஷூட்டிங் கேம்னு வச்சுக்கோங்க, 13 ரவுண்ட் ஜெயிக்கணும், 12-12 ஆனா ஓவர்டைம். ஒரு மேட்ச் முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம் இழுக்கும், சமயத்துல இன்னும் கூட. அதனால ஒன்பதரைக்கு சாப்பிடணும்னா எட்டு நாப்பதுக்கு மேல ஸ்டார்ட் பட்டன தொடறதில்லன்னு வச்சிருக்கேன். போன்ல எட்டு நாப்பதுக்கு ஒரு அலாரம், அது அடிச்ச பிறகு ஃப்ரெண்ட் எவ்வளவு கூப்பிட்டாலும் புது மேட்ச் இல்ல.

நடுவுல அம்மா கூப்பிட்டா "அஞ்சு நிமிஷம்மா"ன்னு சொல்லாதீங்க. ஸ்கோர பாத்து கணக்கு போட்டு சொல்லுங்க. இப்ப 9-6னு இருக்குன்னு வைங்க. சீக்கிரமா முடிஞ்சா இன்னும் நாலு ரவுண்ட், ஓவர்டைம் போகாம இழுத்தா ஒன்பது ரவுண்ட். ஆரம்பத்துல துப்பாக்கி வாங்கற நேரத்தோட சேத்து ஒரு ரவுண்டுக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சா எட்டுல இருந்து பதினெட்டு நிமிஷம். அப்ப "இருபது நிமிஷம்மா, எட்டு அம்பதுக்கு வந்துடறேன்"னு சொல்லுங்க, பன்னெண்டு நிமிஷத்துல முடிஞ்சா முன்னாடியே போய் நில்லுங்க. நான் இத ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல அம்மாவே மாறிட்டாங்க, இப்ப கூப்பிடும்போதே "எத்தன ரவுண்டு இருக்கு"ன்னு தான் கேக்கறாங்க.

கடைசியா ஒரு விஷயம், இத விட்டுடாதீங்க. காத அடைச்சுக்கிட்டா வீட்டு சத்தமும் நமக்கு கேக்காது. ஒரு தடவை அம்மா கடைக்கு போகும்போது "அடுப்புல பால் இருக்குடா பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு போனாங்க, நான் தலைய ஆட்டிட்டு எதையும் கேக்கல, பொங்கி அணைஞ்சு கேஸ் வாடை வந்த பிறகு தான் எழுந்தேன். அதுல இருந்து வீட்டுல வேற பெரியவங்க யாரும் முழிச்சிருக்கலன்னா ரெண்டு காதும் அடைக்கிறதில்ல. பாட்டிக்கு ராத்திரி பாத்ரூம் போக கை குடுக்கணும், அவங்க குரல் கேக்கணும். பத்து மணிக்கு மேல எடது காது எப்பவும் வெளிய, அது கட்டில் பக்கம். ஒரு காதுல ஆடும்போது பாதி சத்தம் காணாம போகாம இருக்க விண்டோஸ் செட்டிங்ஸ்ல Accessibility, Audio, அதுல Mono audio-வ ஆன் பண்ணுங்க, ரெண்டு பக்க சத்தமும் ஒரே காதுல வந்துடும். தெச தெரியாது, அதனால ஷூட்டிங் கேமுக்கு ஆகாது, மெதுவா ஆடற கதை கேமுக்கு தாராளம். வெளிய தொங்குற அந்த இன்னொரு பக்க இயர்போன உள்ளங்கைல மூடி வைக்க முடியாது, சட்டப் பாக்கெட்டுக்குள்ள போட்டுடுங்க, இல்லன்னா அதுல இருந்து சன்னமா இரைச்சல் வரும். பகல்ல யாராவது கூப்பிடணும்னா பின்னாடி இருந்து தோள தட்ட வேணாம், தூக்கி வாரிப்போட்டு கத்திடுவோம், டேபிள் மேல கண்ணுக்கு தெரியற மாதிரி கைய வைங்கன்னு வீட்டுல சொல்லி வைங்க. என் தங்கச்சி தண்ணி டம்ளர கீபோர்ட் பக்கத்துல வைப்பா, அது தான் சாப்பிட கூப்பிடறாங்கன்னு அர்த்தம்.

தலையணை ரெக்கார்டிங்க மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப பண்ணுங்க. டிப் தேயும், துண்டு நழுவும், குரல் மெல்ல மெல்ல பழையபடி ஏறும், நமக்கு தெரியாது. போன மாசம் நான் எடுத்ததுல ஃபேன் சத்தமும் நடுவுல ரெண்டு கிளிக்கும் தான் இருந்துச்சு, இருபத்தி மூணாவது நிமிஷத்துல மட்டும் ஒரு "டேய்". அன்னைக்கு வால்யூம் 26-ல இருந்திருக்கு, எப்ப ஏத்துனேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. திரும்ப 22-க்கு கொண்டு வந்துட்டேன்.